நெடுநல்வாடை: பெயர் சொல்லாத பாட்டில் ஒரு வேப்பந்தழை

நெடுநல்வாடையின் கதையை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். வாடைக் காலம், விடாத மழை. கணவன் போருக்குப் போயிருக்கிறான். மனைவி வீட்டில் கட்டிலில் உறக்கமின்றிக் கிடக்கிறாள். பாசறையில் அவனும் உறங்கவில்லை. இவ்வளவுக்கு நக்கீரர் 188 அடி எடுத்துக்கொண்டார்.

பாட்டுக்குள் அவன் பெயர் இல்லை, அவள் பெயரும் இல்லை. தலையாலங்கானத்துப் போரில் வென்ற பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாடியது என்று பாட்டுக்கு வெளியே உள்ள குறிப்புதான் சொல்கிறது. ஆக, இது குறிப்பிட்ட ஓர் அரண்மனையில், குறிப்பிட்ட ஒருத்திக்கு நேர்ந்த இரவு. அதைப் படிக்கிற நமக்கு அரண்மனை கிடையாது, பாசறை கிடையாது. இருந்தும் நடுவில் எங்கோ ஓரிடத்தில் நம் வீட்டு இரவொன்று நினைவுக்கு வருகிறது. பாட்டு எழுதுகிறவர்கள் எல்லாரையும் உறுத்துகிற கேள்வி இங்கே இருக்கிறது: சொந்தக் கதையில் எதைச் சொல்வது, எதை விடுவது? நிறையச் சொன்னால் "அது அவர் வீட்டு விஷயம்" என்று கேட்பவர் ஒதுங்கிவிடுவார். எல்லாருக்கும் பொருந்தட்டும் என்று தேய்த்துத் தேய்த்து எழுதினால் நிலவும் கனவும் மட்டும் மிஞ்சும், யார் வீட்டு விஷயமாகவும் இருக்காது.

தொல்காப்பியத்தின் அகத்திணையியல் இதற்கு ஒரு வரையறை வைத்தது. மனமொத்த காதலைப் பாடும் ஐந்திணைப் பாட்டில், தலைவன் தலைவி இன்னார் என்று சுட்டிப் பெயர் சொல்லக் கூடாது. நிலம், பொழுது, மரம், பறவை, தொழில் எதையும் எவ்வளவு நுட்பமாகவும் சொல்லலாம். ஆள் பெயர் மட்டும் கூடாது. விவரத்தைக் குறைக்கச் சொல்லும் விதி இல்லை இது, விவரத்தில் ஒரே ஒரு வகையைத் தடுக்கிற விதி. நெடுநல்வாடையைப் பகுதி பகுதியாகப் பார்த்தால், அந்த ஒரு வகை ஏன் தடுக்கப்பட்டது என்பது தெரியும். ஏனென்றால் இந்தப் பாட்டு கடைசியில் அந்த விதியைத் தொட்டுவிடுகிறது.

மழையும் கோவலரும்

பாட்டு அரசனிடம் தொடங்கவில்லை, அரசியிடமும் தொடங்கவில்லை. மாடு மேய்ப்பவர்களிடம் தொடங்குகிறது. மலையை வளைத்துக்கொண்டு முகில் எழுந்து மழை பொழிந்திருக்கிறது. வெள்ளத்துக்கு அஞ்சிக் கோவலர் மந்தையை மேட்டு நிலத்துக்கு ஓட்டிப் போகிறார்கள். பழகிய இடத்தை விட்டுப் போவதில் அவர்களுக்கு வருத்தம். சூடியிருந்த காந்தள் மாலையிலிருந்து நீர் சொட்டுகிறது. பலர் கூடி நெருப்பு மூட்டிக் கை காய்ச்சுகிறார்கள், அப்படியும் தாடை நடுங்குகிறது. அடுத்து விலங்குகள். மேய்ச்சலை மறந்த மாடுகள், குளிரில் கூனிக் குறுகிய மந்தி, இருந்த இடத்திலிருந்து விழுகிற பறவைகள். பால் குடிக்க வந்த கன்றைத் தாய்ப்பசு உதைத்துத் தள்ளுகிறது.

அந்தக் கடைசி விவரத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். "கடுங்குளிர்" என்று எழுதினால் கேட்பவர் தலையாட்டுவார், உடம்பில் ஒன்றும் ஏறாது. பசு தன் கன்றை உதைக்கிறது என்றால் மாடே வளர்த்திராதவருக்கும் புரிகிறது. குளிர் அங்கே ஓர் உறவைக் கெடுத்திருக்கிறது. பின்னால் வரப்போகிற பிரிவின் முதல் சாடை இது. கவிஞர் இன்னும் எந்த மனிதப் பிரிவையும் பேசவில்லை என்பதையும் கவனிக்கலாம்.

அரசியின் துயரைச் சொல்ல வந்தவர் கோவலரிடம் ஏன் போனார்? வாடைக் காற்றுக்கு அரண்மனை, கொட்டில் என்ற பேதம் இல்லை. முதல் 12 அடிக்குள்ளேயே குளிர் எல்லாருக்கும் பொதுவாகிவிடுகிறது. பிறகு அரசிக்குக் குளிரும்போது நாம் வெளியாள் இல்லை. தனிக் கதைக்குள் பொதுவாசல் வழியாக நுழைப்பது என்று இதைச் சொல்லலாம். ஆனால் அந்தப் பொதுவாசலும் பொத்தாம்பொதுவாக இல்லை. தாடை நடுங்கும் கோவலன் மிகத் துல்லியமான ஆள்.

நகரத்து மாலை

முசுண்டைப் பூவும் பீர்க்கம்பூவும் மண்டிய புதர், மீனுக்காக நிற்கும் கொக்கு, கதிர் முற்றிச் சாய்ந்த நெல் என்று நாட்டுப்புறம் சிறிது நேரம் ஓடுகிறது. அதைக் கடந்து ஊருக்குள் வந்தால், தூறலைப் பொருட்படுத்தாமல் கள் குடித்த முரட்டு ஆட்கள் அகன்ற தெருவில் திரிகிறார்கள். வீட்டுக்குள் பெண்கள் விளக்கேற்ற வேண்டும். சிக்கல் என்னவென்றால், மாலை வந்துவிட்டதா என்று தெரியவில்லை. நாள் முழுக்க ஒரே மூட்டம், சூரியனையே காணோம்.

அதனால் அவர்கள் பூந்தட்டில் இட்டு வைத்த பிச்சி அரும்புகளைப் பார்க்கிறார்கள். அரும்பு விரிந்து மணம் வந்தால் அந்திப்பொழுது. மணத்தை வைத்துப் பொழுதை அறிந்து, இரும்பு விளக்கில் நெய் தோய்ந்த திரியைக் கொளுத்தி, நெல்லும் மலரும் தூவிக் கைதொழுகிறார்கள்.

எனக்கு இந்தப் பாட்டில் மிகப் பிடித்த இடம் இது. பகல் இருண்டு கிடந்தது என்று நேராகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இருட்டு வீட்டுப் பெண்களுக்கு ஒரு நடைமுறைத் தொல்லையாக வருகிறது, அதற்கு அவர்களிடம் ஒரு கைவழி இருக்கிறது. ஓர் ஊரின் பழக்கம் இப்படிச் செய்கையாக வரும்போது அயலூராருக்கும் திறந்துவிடுகிறது. பிச்சியை வைத்து நேரம் பார்த்த ஆள் இன்று யாரும் இல்லை. ஆனால் அடைமழை நாளில் மணி என்ன இருக்கும் என்று குழம்பாதவரும் இல்லை. பொருள் பழையது, தேவை பழையதாகவில்லை. பாட்டில் ஒரு பொருளை வைக்கும்போது அதைக் கொண்டு யாரோ எதையோ செய்ய வேண்டும். சும்மா இருக்கிற பொருள் அந்த ஊர்க்காரருக்கு மட்டும் சொந்தம்.

அடுத்தாற்போல் வீட்டுப் புறாக்கள். இரவா பகலா என்று தெரியாமல், இணையோடு இரை தேடப் போகாமல், இருந்த பலகையிலேயே கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கின்றன. உதைபட்ட கன்றுக்குப் பிறகு பிரிவின் நிழல் மறுபடி விழுகிறது, இந்த முறை ஒரு சோடி மேல்.

வேலையில்லாத பொருள்கள்

சும்மா இருக்கிற பொருளைப் பற்றி மேலே சொன்னதற்கு நக்கீரரே ஒரு மறுப்பு வைத்திருக்கிறார். அடுத்த பகுதி முழுக்கச் சும்மா கிடக்கும் பொருள்கள்தான். சந்தனம் அரைக்க வடக்கிலிருந்து வந்த வெண்கல்லும் தெற்கின் சந்தனக் கட்டையும் தொடுவாரற்றுக் கிடக்கின்றன. கைதேர்ந்த கம்மியன் செய்த விசிறி முளையில் தொங்குகிறது, அதில் சிலந்தி வலை பின்னியிருக்கிறது. மேல்மாடத்தில் தென்றல் வரும் சன்னல்கள் தாழிடப்பட்டிருக்கின்றன. குவிந்த வாய்க் குடத்துத் தண்ணீரைத் தொட ஆளில்லை, இளையவரும் முதியவரும் அகன்ற வாய்த் தடவில் நெருப்புக் காய்கிறார்கள். ஆடல் மகளிரின் யாழ் நரம்பு குளிரில் சுருதி விலகிவிட்டது. அதை மார்பின் சூட்டில் தடவி நிலைக்குக் கொண்டு வருகிறார்கள்.

இவை ஒரு பட்டியலாகப் படவில்லை என்றால் காரணம், ஒவ்வொன்றும் கோடையில் என்ன வேலை செய்தது என்பதும் சேர்ந்தே தெரிகிறது. விசிறி என்றால் வெறும் விசிறி. சிலந்தி வலை படிந்த விசிறி என்றால் எத்தனையோ நாளாக யாரும் தொடவில்லை. ஆள் இல்லாத வீட்டில் ஆளின் பொருள்கள் எப்படி இருக்கும் என்பதை நாம் அறியாமலே பழகிக்கொள்கிறோம். அரசன் ஊரில் இல்லை என்று பாட்டு இதுவரை சொல்லவே இல்லை. ஆனால் இந்த வரிகளைக் கடந்து வருபவருக்கு, யாரோ இல்லை என்று பட்டுவிடுகிறது.

அரண்மனை

இங்கிருந்து ஒரு நீண்ட பகுதி அரண்மனைக் கட்டடம். நடுப்பகலில் இரண்டு கோல் நட்டு, நிழல் எந்தப் பக்கமும் சாயாத நேரம் பார்த்து, நூலறிந்தவர்கள் கயிறு பிடித்து அளந்து கட்டிய மனை. கொடியோடு யானை நுழையும் உயரத்தில் வாயில். யவனர் செய்த பாவை கையில் விளக்கு ஏந்தி நிற்கிறது.

வெளிப்படையாகச் சொன்னால், அயலாள் கொஞ்சம் வெளியே நிற்கிற பகுதி இதுதான். கட்டடக்கலை வரலாறு படிப்பவருக்கு இது பொன், பாட்டுக் கேட்க வந்தவருக்குச் சுற்றிக் காட்டல். செல்வத்தின் விவரம் எப்போதும் இப்படித்தான் நடந்துகொள்ளும். வியக்க வைக்கும், உள்ளே அழைக்காது. கட்டில் வரும்போதுதான் நிலைமை மாறுகிறது. நாற்பது வயதை எட்டி, போரில் பட்ட யானையின் தானாக விழுந்த தந்தத்தில் கடைந்த கட்டில் அது. அதன் மேல் விரித்திருப்பது துணையோடு கூடிய அன்னத்தின் தூவி. அப்படிப்பட்ட மெத்தையில் இணையில்லாதவள் தனியாகக் கிடக்கிறாள். இத்தனை அளவும் அலங்காரமும் எதற்கு அடுக்கப்பட்டன என்பது அந்த இடத்தில் விளங்குகிறது. ஆனாலும் கொஞ்சம் குறைத்திருக்கலாம் என்ற என் எண்ணம் மாறவில்லை.

அவள்

அரசியை நக்கீரர் இல்லாதவற்றைக் கொண்டே வரைகிறார். மார்பில் முத்தாரம் இல்லை, தாலி மட்டும் தொங்குகிறது. கனத்த குழைகளைக் கழற்றிவிட்டுச் சிறு அணி செருகியதால், இழுபட்டுப் பழகிய காது வெறுமனே தாழ்ந்திருக்கிறது. பொன்வளை அழுத்திய தடம் முன்கையில் இருக்கிறது, பொன்வளை இல்லை. அந்த இடத்தில் சங்கு வளையும் ஒரு காப்பு நூலும். உடுத்தியிருப்பது அழுக்கேறிய நூல் புடவை. வண்ணம் தீட்டாத ஓவியம் மாதிரி இருக்கிறாள் என்று உவமை வருகிறது.

பொன்வளை இருந்தால் அவள் அரசி. வளையின் தடம் இருந்தால் அவள் எதையோ கழற்றி வைத்தவள், அவ்வளவுதான். அங்கே பட்டம் போய்விடுகிறது. அரண்மனைப் பகுதியில் வெளியே நின்றவர் திரும்ப உள்ளே வந்துவிடுகிறார். எழுதுகிறவர்கள் பழக வேண்டிய கைவேலை இது. இருப்பதைச் சொன்னால் தகுதி தெரியும், இருந்து போனதைச் சொன்னால் நிலைமை தெரியும். தகுதி ஆளுக்கு ஆள் வேறு, நிலைமை வேறு வேறு ஆட்களுக்கும் ஒன்றாக அமையும்.

தோழியர் பாதம் வருடுகிறார்கள். நரை கலந்த கூந்தலுடைய செவிலியர், சிறு பேச்சும் நெடும் பேச்சுமாக, "இதோ வந்துவிடுவார்" என்கிற தோரணையில் ஆறுதல் சொல்கிறார்கள். அவள் எதையும் ஏற்கவில்லை. அண்ணாந்து பார்க்கிறாள். கட்டிலுக்கு மேலே மெழுகு பூசிய துணி விதானத்தில் வானம் வரைந்திருக்கிறது. மேட ராசி முதலாக ராசிகள், சூரியன், திங்கள், திங்களை விட்டுப் பிரியாத உரோகிணி. அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாள். கடைக்கண்ணில் திரண்ட நீரை விரலால் வழித்துத் தெறிக்கிறாள்.

அந்த ஓவியம் அரண்மனைக்கு மட்டுமே உரியது. மெழுகு விதானமும் ராசி வட்டமும் நம் வீட்டுக் கூரையில் கிடையாது. இருந்தும் இந்தக் காட்சி பாட்டிலேயே மிக அதிகம் பேருடையதாக இருக்கிறது. காரணம், அவள் பார்வை போகும் வழி. உறக்கம் வராதவர் மல்லாந்து கூரையைப் பார்ப்பார். கண்ணில் படுகிற எதுவும் தன் கவலையைப் பற்றியே பேசுவதாக அவருக்குத் தோன்றும். நக்கீரர் அந்த மன இயல்பைத் தத்துவமாகச் சொல்லாமல், ஒரு கூரையையும் ஒரு சோடியையும் மட்டும் வைத்தார். நாம் நம் கூரையை வைத்துக்கொள்கிறோம்.

இதை அடுத்து ஒரு வேண்டுதல் வருகிறது. இவள் துயர் தீர, அவனுக்கு வெற்றி தந்து இந்தப் போர் இப்போதே முடியட்டும் என்று. கொற்றவையை நோக்கிய வேண்டுதலாக நச்சினார்க்கினியர் இதைக் கொள்கிறார். வேண்டுதலோடு காட்சி பாசறைக்குத் தாவுகிறது.

பாசறையும் வேப்பந்தழையும்

நள்ளிரவு. வாடை வீசும்போதெல்லாம் விளக்குச் சுடர்கள் தெற்கே சாய்கின்றன. காயம்பட்ட வீரர்களைப் பார்க்க அரசன் சிலரோடு நடக்கிறான். முன்னால் போகிற படைத்தலைவன் கையில் வேல், அதில் வேப்பந்தழை கட்டியிருக்கிறது. அவன் புண்பட்டவர்களை ஒவ்வொருவராகக் காட்டிக்கொண்டு போகிறான். சேறான தெருவில் சேணம் களையாத குதிரைகள் மேலே விழுந்த துளிகளை உதறுகின்றன. அரசனின் மேலாடை நழுவுகிறது, அதை இடப்பக்கம் இழுத்துப் பிடித்துக்கொள்கிறான். இன்னொரு கை, வாள் ஏந்திய ஓர் இளைஞனின் தோள் மேல்.

வேல் நுனியில் கட்டிய அந்தத் தழைதான் நூற்றாண்டுக் கணக்கான வாதத்துக்குக் காரணம். சேரருக்குப் பனை, சோழருக்கு ஆத்தி, பாண்டியருக்கு வேம்பு. இவை மூவேந்தரின் அடையாள மாலைகள். வேம்பு வந்ததும் வேல் பாண்டியன் படையுடையதாகிறது, நடப்பவன் பாண்டியன் ஆகிறான், கட்டிலில் கிடப்பவள் பாண்டிமாதேவி ஆகிறாள். பத்துப்பாட்டுக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர், பெயர் சொல்லாவிட்டாலும் அடையாளப் பூவைச் சொன்னது பெயரைச் சுட்டியதற்குச் சமம் என்று கொண்டார். அதனால், அகம் போல நடந்தாலும் இது புறப்பாட்டு என்று முடிவு செய்தார். அவருக்குப் பின் வந்த அறிஞர்களில் பலர் இதை ஒப்பவில்லை. ஒரு தழைக்காக 188 அடியையும் புறத்துக்குத் தள்ளுவதா என்பது அவர்கள் கேள்வி.

அதே பத்துப்பாட்டுத் தொகுதியில் உள்ள இரண்டு பாட்டுகளைப் பக்கத்தில் வைத்தால் தழையின் கனம் தெரியும். நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டில் இதே நிலைமை: பாசறையில் அரசன், வீட்டில் காத்திருக்கும் மனைவி, கார்காலம். 103 அடியில் யாரையும் இன்னார் என்று கண்டுகொள்ள முடியாது. அகப்பாட்டாகவே நிற்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலையில் கரிகாலன் வெளிப்படையாகவே வருகிறான், காவிரிப்பூம்பட்டினம் பக்கம் பக்கமாக வருகிறது. அதுவும் அகம்தான். ஏனென்றால், பிரியலாமா என்று தவிக்கிற தலைவன் கரிகாலன் இல்லை. போகும் காடு கரிகாலன் வேலை விடக் கொடியது, அவள் தோள் அவன் செங்கோலை விடத் தண்ணியது என்று உவமைக்குள்தான் அரசன் நிற்கிறான். பெயர் இருக்கிறது, காதலிக்கிறவன் மேல் ஒட்டவில்லை. அகநானூற்றில் பரணர் எத்தனையோ அரசர்களையும் போர்களையும் பெயர் சொல்லி உவமையாக்குகிறார், தலைவன் பெயரற்றவனாகவே இருக்கிறான்.

ஆக, பெயர் பாட்டில் எங்கே நிற்கிறது என்பதுதான் கணக்கு. ஊர்ப்பெயர், தெருப்பெயர், கடைப்பெயர், அரசன் பெயர் எது வந்தாலும் அயலாள் தாங்கிக்கொள்வார். துயரப்படுகிறவர் மேலேயே பெயர்ச்சீட்டு ஒட்டினால்தான் அவர் எழுந்து இடம் விடுகிறார். இன்று தம் அப்பாவைப் பற்றிப் பாட்டெழுதுகிறவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். அப்பா வேலை செய்த ஆலையின் சங்கு ஊதும் நேரம், சாப்பாட்டுத் தூக்கு, சட்டைக் காலரில் படிந்த பஞ்சு எதுவும் உறுத்தாது. அப்பாவின் பெயரும் அவர் வாங்கிய பதக்கமும் வரும் வரிதான் கேட்பவரைச் சபையில் உட்காரவைத்துவிடும். கேட்பவர் அப்போது மரியாதையோடு கேட்பார், தம் அப்பாவை நினைக்க மாட்டார்.

நச்சினார்க்கினியர் இலக்கணப்படி சரி என்றே எனக்குப் படுகிறது. ஆனால் தழை வரும் இடத்தைப் பார்க்க வேண்டும். கடைசி இருபது அடிக்குள் வருகிறது. அதற்குள் கன்றை உதைத்த பசுவும், பிச்சி அரும்பும், வலை படிந்த விசிறியும், வளைத் தடமும் தம் வேலையை முடித்துவிட்டன. அவளை நாம் நம் வீட்டவளாக அறிந்து நெடுநேரம் ஆனபிறகுதான் அவள் பாண்டிமாதேவி என்று தெரியவருகிறது. தழை முதல் அடியிலேயே இருந்திருந்தால் நாம் ஓர் அரசகுலத்துச் செய்தியைப் படித்துக்கொண்டிருப்போம். தழைக்குப் பின்னும் நக்கீரர் அவனை அரசனாக நிமிர்த்தவில்லை. நழுவும் மேலாடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சேற்றில் நடக்கும் ஆளாகத்தான் விடுகிறார். வெண்கொற்றக் குடையும் வருகிறது, ஆனால் அந்நேரம் அது தடுப்பது தூறலைத்தான்.

உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு 1889இல் பதிப்பித்தார். அன்றிலிருந்து இந்தப் பாட்டைப் படிப்பவர்கள் பெரும்பாலும் உரையோடு சேர்த்தே படிக்கிறோம், வேம்பு என்றதும் பாண்டியன் என்று நமக்கும் தோன்றிவிடுகிறது. உரை இல்லாமல் மூலத்தை மட்டும் இன்று ஒருவரிடம் பொருள் சொல்லிப் படித்துக் காட்டினால், வேலில் கட்டிய வேப்பிலையை அவர் மாரியம்மன் கோயிலோடுதான் சேர்ப்பார், காயத்துக்கோ கண்ணேறுக்கோ கட்டியது என்பார். அவரைப் பொறுத்தவரை பாட்டில் பெயரே இல்லை. நச்சினார்க்கினியர் புறத்தில் வைத்த பாட்டு அவர் கையில் அகப்பாட்டாகவே இருக்கும்.